முதலில் பொதுப் பகுதி, பிறகு கூட்டல்

வேற்றினப் பின்னங்கள் நாலைந்து வரிசையாக நிற்கும்போது அவற்றைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் இரண்டைக் கூட்டி, வந்த விடையோடு மூன்றாவதைச் சேர்த்து, அதோடு நான்காவதைச் சேர்த்து என்று படிப்படியாகப் போகலாம். அல்லது பட்டியல் முழுவதையும் ஒருமுறை பார்வையிட்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பகுதியை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகு கூட்டலாம். இரண்டிலும் விடை ஒன்றுதான். இரண்டாவது வழியில் வேலை குறைவு. அதைவிட முக்கியமாக, விடை எப்படி இருக்கும் என்பதைக் கூட்டுவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிட முடியும்.

பின்னத்தில் கோட்டுக்குக் கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. ஒரு முழுமை எத்தனை சம பங்குகளாக வெட்டப்பட்டது என்பதைப் பகுதி சொல்கிறது. அந்தப் பங்குகளில் எத்தனை கையில் இருக்கின்றன என்பதைத் தொகுதி சொல்கிறது. ஆகவே எண்ணிக்கை என்பது தொகுதி மட்டுமே. பகுதி அந்த எண்ணிக்கையின் அலகு. எட்டில் மூன்றும் எட்டில் இரண்டும் சேர்ந்தால் எட்டில் ஐந்து. இதில் யாரும் தடுமாறுவதில்லை. எட்டில் மூன்றும் ஐந்தில் இரண்டும் சேர்ந்தால் கையில் ஐந்து துண்டுகள் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தத் துண்டுகள் ஒரே அளவில் இல்லாததால் ‘ஐந்து’ என்ற எண்ணால் எதையும் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில்தான் வகுப்பறைகளில் அழியாமல் வாழும் அந்தத் தவறு பிறக்கிறது: மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுவது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவார்கள். 2/5 பாதியைவிடச் சிறியது. பாதியோடு ஒன்றைச் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைவாக வருவது நடக்காத காரியம். இந்த ஒரு சோதனை போதும், தவறு தெரிந்துவிடும். ஆனாலும் அந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு தேர்வில் 20-க்கு 15, அடுத்த தேர்வில் 25-க்கு 18 வாங்கிய மாணவரின் மொத்த மதிப்பெண்ணை 45-க்கு 33 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அது சரியும்கூட. அங்கே மேலும் கீழும் கூட்டப்படுகின்றன. ஆனால் அங்கே கூட்டப்படுவது பின்னங்கள் அல்ல. இரண்டு தனித்தனி மொத்தங்கள் ஒரே மொத்தமாகச் சேர்க்கப்படுகின்றன. பின்னக் கூட்டலில் முழுமை மாறுவதில்லை. 1/2 என்பதும் 1/3 என்பதும் ஒரே முழுமையின் துண்டுகள். இரண்டு கணக்கும் காகிதத்தில் ஒரே மாதிரி எழுதப்படுவதுதான் குழப்பத்துக்கு வழி செய்கிறது.

இனி ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளலாம்:

5/12, 7/18, 3/8, 4/15

நான்கு பகுதிகளும் மீதியில்லாமல் வகுக்கும் ஓர் எண் வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் எண்ணற்றவை. நான்கையும் ஒன்றோடொன்று பெருக்கினாலே ஒன்று கிடைத்துவிடும்: 12 × 18 × 8 × 15 = 25,920. இதை வைத்துக் கூட்டினாலும் விடை பிழையாகாது. மீச்சிறு பொது மடங்கைத்தான், அதாவது மீ.சி.ம.வைத்தான் எடுக்க வேண்டும் என்று கணிதம் கட்டாயப்படுத்தவில்லை. எந்தப் பொது மடங்கும் போதும். ‘மீ.சி.ம. எடுக்கவில்லை’ என்பதற்காகச் சரியான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கொஞ்சம் கடுமைதான். ஆனால் 25,920-ஐக் கட்டிக்கொண்டு மாரடிப்பவருக்குப் பெருக்கலில் சறுக்க வாய்ப்பு அதிகம். கடைசியில் சுருக்கும் வேலையும் தலையில் விழும்.

மீ.சி.ம. காணப் பள்ளியில் சொல்லித்தரும் வகுத்தல் முறை இது. பகுதிகளை ஒரே வரிசையில் எழுதி, குறைந்தது இரண்டு எண்களையாவது வகுக்கும் ஒரு பகா எண்ணால் வகுக்க வேண்டும். வகுபடாத எண்ணை அப்படியே கீழே இறக்க வேண்டும். எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்ற நிலை வரும்வரை இது தொடரும்.

```
2 | 12  18   8  15
2 |  6   9   4  15
3 |  3   9   2  15
  |  1   3   2   5
```

இடப்பக்கம் உள்ள 2, 2, 3 ஆகியவற்றையும் கடைசி வரிசையில் மிஞ்சிய 1, 3, 2, 5 ஆகியவற்றையும் பெருக்கினால் 360. இதுதான் மீ.சி.ம.

இந்தக் கட்டத்தில் ‘பகா எண்’ என்ற நிபந்தனையைப் பலர் சும்மா சொல்வதாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். 12-ம் 18-ம் ஆறால் வகுபடுகின்றனவே, ஒரே அடியில் ஆறால் வகுத்தால் என்ன என்று தோன்றும். செய்து பார்த்தால் 2, 3, 8, 15 என்று வரும். 8-ம் 15-ம் ஆறால் வகுபடாததால் அப்படியே இறங்கிவிட்டன. பிறகு இரண்டால் வகுத்தால் 1, 3, 4, 15. மூன்றால் வகுத்தால் 1, 1, 4, 5. பெருக்குத்தொகை 6 × 2 × 3 × 4 × 5 = 720. சரியான மீ.சி.ம.வைப் போல இரு மடங்கு. என்ன ஆயிற்று? 8 ஆறால் வகுபடாவிட்டாலும் ஆறுக்குள் இருக்கும் 2 என்ற காரணி அதற்கும் சொந்தம். ஆறால் மொத்தமாக வகுத்தபோது அந்தப் பங்கு 8-இலிருந்து கழியாமல் தங்கிவிட்டது; கடைசியில் இரண்டாம் முறை பெருக்கலில் சேர்ந்துவிட்டது. 720-ம் பொது மடங்குதான் என்பதால் கூட்டல் பிழையாகாது. மீ.சி.ம. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை தவறு.

பகுதி கிடைத்த பின் ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரே ஒரு வேலை. 360-ஐ அதன் பகுதியால் வகுத்து, வரும் ஈவால் தொகுதியைப் பெருக்க வேண்டும்.

5/12: 360 ÷ 12 = 30; 5 × 30 = 150
7/18: 360 ÷ 18 = 20; 7 × 20 = 140
3/8: 360 ÷ 8 = 45; 3 × 45 = 135
4/15: 360 ÷ 15 = 24; 4 × 24 = 96

150 + 140 + 135 + 96 = 521. ஆகவே கூடுதல் 521/360, கலப்பு பின்னமாகச் சொன்னால் 1 161/360. நான்கு பின்னங்களும் இங்கே ‘முந்நூற்று அறுபதில் ஒன்று’ என்ற ஒரே அலகுக்கு வந்துவிட்டதால் மிஞ்சியது வெறும் முழு எண் கூட்டல்தான்.

இதையே இரண்டிரண்டாகச் செய்தால், 5/12 + 7/18 = 29/36. அதோடு 3/8 சேர்க்க 72 தேவை: 58/72 + 27/72 = 85/72. அதோடு 4/15 சேர்க்கத் திரும்பவும் 360-க்கு வர வேண்டும்: 425/360 + 96/360 = 521/360. போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான். ஆனால் ஏற்கெனவே கூட்டி வைத்த தொகை மூன்றாவதும் நான்காவதும் வரும்போது இரண்டு முறை புதிய பகுதிக்கு மாற்றப்படுகிறது. முதல் கட்டத்தில் ஒரு தவறு நேர்ந்தால் அது கடைசிவரை கூடவே வரும், எங்கே நேர்ந்தது என்று தேடுவதும் சிரமம். பொதுப் பகுதியை முதலில் கண்டுவிட்டால் ஒவ்வொரு பின்னமும் ஒரே ஒரு முறைதான் மாற்றப்படுகிறது. 150, 140, 135, 96 என்று தொகுதிகள் தனித்தனியாகக் கண்முன் நிற்பதால் எதையும் தனியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த வழி நம் நாட்டில் மிகப் பழையது. கர்நாடகப் பகுதியை ஆண்ட ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், தம்முடைய ‘கணித சார சங்கிரகம்’ என்ற வடமொழி நூலில் மீச்சிறு பொது மடங்குக்கு ‘நிருத்தம்’ என்று பெயரிட்டு, பின்னங்களை ஒரே பகுதிக்குக் கொண்டுவர அதைப் பயன்படுத்தச் சொல்கிறார். பகுதிகளின் பொதுக் காரணிகளையும், அவற்றால் வகுத்து மிஞ்சிய ஈவுகளையும் பெருக்கினால் நிருத்தம் கிடைக்கும் என்பது அவர் தரும் விதி. மேலே போட்ட வகுத்தல் கட்டம் அதே விதிதான். இந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார், 1912-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது.

தமிழ்நாட்டுக் கணக்கர்கள் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டிருந்தார்கள். ஒவ்வொரு பட்டியலுக்கும் புதிதாக ஒரு பொதுப் பகுதியைத் தேடாமல், எல்லாக் கணக்குக்கும் ஒரே பகுதியை நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். அந்த எண் 320. முந்திரி என்பது 1/320. அரைக்காணி 1/160, காணி 1/80, அரைமா 1/40, மா 1/20, மாகாணி அல்லது வீசம் 1/16, அரைக்கால் 1/8, பிறகு கால், அரை, முக்கால். இவற்றின் பகுதிகள் வெவ்வேறு எண்களாக இருந்தாலும் எல்லாமே 320-ஐ மீதியில்லாமல் வகுக்கும். முந்திரிக் கணக்கில் சொன்னால் அரைக்காணி 2, காணி 4, அரைமா 8, முக்காணி 12, மா 16, மாகாணி 20, இருமா 32, அரைக்கால் 40, மும்மா 48, கால் 80, அரை 160, முக்கால் 240. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லிப் படித்தவர்களுக்கு இந்த வாய்பாடு நாக்கின் நுனியில் இருந்தது. ஒரு மாவையும் ஒரு காணியையும் கூட்டினால் மாகாணி என்பதை இதில் நொடியில் சரிபார்க்கலாம்: 16 + 4 = 20. இன்றைய முறையில் 1/20 + 1/80 = 5/80 = 1/16.

முக்கால், மும்மா, அரைக்கால், காணி என்று ஒரு பட்டியல் இருந்தால், இன்றைய எழுத்தில் அது 3/4 + 3/20 + 1/8 + 1/80. முந்திரியாக மாற்றினால் 240 + 48 + 40 + 4 = 332. இதில் 320 போனால் ஒன்று. மீதி 12 முந்திரி, அதாவது முக்காணி. விடை ஒன்றே முக்காணி. மீ.சி.ம. காணும் வேலையே இல்லை; அது முறைக்குள்ளேயே அடங்கிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலத்தின் அளவு வேலியிலும் அதன் பின்னங்களிலும் வெட்டப்பட்டிருக்கிறது. மா, முக்காணி, அரைக்காணி, முந்திரிகை என்று இறங்கி, அதற்கும் நுட்பமான அளவு வரும்போது ‘கீழ்’ என்ற அடுத்த அடுக்குக்குப் போகிறார்கள். ஒரு முந்திரியை மறுபடியும் 320 ஆகப் பகுத்ததுதான் கீழ்முந்திரி: 1/1,02,400. அவ்வளவு சிறிய துண்டுகளையும் அலகு மாறாமல் கூட்ட முடிந்தது.

நிரந்தரப் பொதுப் பகுதிக்கு ஒரு விலையும் உண்டு. 320 = 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 5. இதில் 3 இல்லை, 7 இல்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கை முந்திரியால் துல்லியமாகச் சொல்ல முடியாது. 106 முந்திரிக்கு மேலே ஒரு முந்திரியின் மூன்றில் இரண்டு மிஞ்சும். கீழ்முந்திரிக்குப் போனாலும் அதே கதைதான், ஏனென்றால் 320-ஐ 320-ஆல் பெருக்கினாலும் 3 என்ற காரணி எங்கிருந்தும் வராது. பழைய கணக்கு மரபில் கீழ்முந்திரியை 21 ஆகப் பகுத்த இம்மி என்ற அளவு இருக்கிறது. 21-இல் 3-ம் 7-ம் இருப்பதால் அந்த அடுக்கில் மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் மீதியில்லாமல் அடங்கிவிடுகின்றன.

பட்டியலுக்கென்று தேடிக் கண்ட பொதுப் பகுதிக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்தக் காரணி தேவையோ அது தானாக உள்ளே வந்துவிடும். முதல் பட்டியலோடு 5/24 சேர்ந்தால் 360 மாறாது, 24 ஏற்கெனவே அதை வகுக்கும். 2/7 சேர்ந்தால் 360 போதாது. 7-ஆல் பெருக்கி 2,520 ஆக்க வேண்டும்.

கூட்டி முடித்ததும் விடை சுருங்குமா என்று பார்ப்பது வழக்கம். 521/360 சுருங்காது. இதைக் கூட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்க முடியும். 360-இல் 2 மூன்று முறை வருகிறது. அந்த மூன்று இரண்டுகளும் 8 என்ற ஒரே பகுதியிலிருந்து வந்தவை. 12-இல் இரண்டும், 18-இல் ஒன்றும்தான் உள்ளன, 15-இல் எதுவுமில்லை. ஆகவே 360-ஐ 8-ஆல் வகுத்தால் மட்டும் ஒற்றைப்படை ஈவு (45) கிடைக்கிறது. மற்ற மூன்றின் ஈவுகளும் இரட்டைப்படை. தொகுதிகளைப் பார்த்தால் 135 மட்டும் ஒற்றைப்படை, 150, 140, 96 இரட்டைப்படை. இவற்றின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக இருந்தே தீர வேண்டும். 2-ஆல் சுருக்க வழியில்லை. 9 என்ற காரணி 18-இலிருந்து மட்டும் வந்தது: 140 மூன்றால் வகுபடாது, மற்ற மூன்றும் வகுபடும், ஆகவே கூட்டுத்தொகை வகுபடாது. 5 என்ற காரணி 15-இலிருந்து மட்டும்: 96 ஐந்தால் வகுபடாது, மற்றவை வகுபடும். மூன்று கதவுகளும் அடைபட்டன.

பின்னங்கள் ஒவ்வொன்றும் சுருக்கிய வடிவில் இருக்கும்வரை இது பொது விதி. ஒரு பகா எண்ணின் மிகப் பெரிய அடுக்கு பட்டியலில் ஒரே ஒரு பகுதியில் மட்டும் இருந்தால், அந்தப் பகா எண்ணால் விடையைச் சுருக்க முடியாது. இரண்டு மூன்று பகுதிகளில் இருந்தால் சுருங்கலாம், சுருங்காமலும் போகலாம். 1/6 + 1/10 + 1/15 என்பதில் மீ.சி.ம. 30; 2, 3, 5 ஒவ்வொன்றும் இரண்டு பகுதிகளில் இருக்கிறது. 5 + 3 + 2 = 10, விடை 10/30, அதாவது 1/3. இங்கே 2-ம் 5-ம் காணாமல் போயின, 3 நின்றுவிட்டது. மீ.சி.ம. எடுத்துக் கூட்டினாலே விடை சுருங்கிய வடிவில்தான் வரும் என்று பலர் நம்பிக் கடைசிப் படியை விட்டுவிடுவதற்கு இந்தச் சின்னக் கணக்கே மறுப்பு.

இந்த விதி நல்ல காவல்காரனும்கூட. முதல் பட்டியலில் யாராவது 7/18-இன் தொகுதியை 140-க்குப் பதிலாக 147 என்று எழுதியிருந்தால் மொத்தம் 528 ஆகியிருக்கும். இரட்டைப்படை வரவே முடியாது என்பது முன்பே தெரிந்திருப்பதால், எங்கேயோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். தொகுதியை மாற்றாமல் பகுதியை மட்டும் 360 ஆக்கிவிடும் தவறுக்கோ தோராயக் கணக்கே போதும்: 5/12 பாதிக்குச் சற்றுக் குறைவு, 7/18-ம் 3/8-ம் பாதிக்கு இன்னும் கொஞ்சம் குறைவு, 4/15 காலுக்குச் சற்று மேல். மொத்தம் ஒன்றரைக்குப் பக்கத்தில் வர வேண்டும். 19/360 என்று வந்தால் பார்த்தவுடனே தெரியும்.

அதே விதியிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. 1 + 1/2 + 1/3 என்று தொடங்கி 1/10 வரை கூட்டினால் மீ.சி.ம. 2,520, விடை 7381/2520. இதில் 2-இன் மிகப் பெரிய அடுக்கான 8 ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஆகவே தொகுதி ஒற்றைப்படை, பகுதி இரட்டைப்படை, விடை முழு எண்ணாக இருக்க முடியாது. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் 2-இன் மிகப் பெரிய அடுக்கு ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும். அதன் அடுத்த மடங்கு வருவதற்குள் அதைவிடப் பெரிய அடுக்கு ஒன்று வந்துவிடும். எனவே இரண்டு உறுப்புகளுக்கு மேல் எங்கே நிறுத்தினாலும் அந்தக் கூடுதல் முழு எண் ஆகாது.

பட்டியல் நீளும்போது இந்த வேலையைக் கணினியிடம் விடுவது இயல்பு. பைத்தான் மொழியில் முறையை அப்படியே எழுதலாம்:

```python
from math import gcd, lcm

def kootu(pattiyal):
    m = lcm(*[p for t, p in pattiyal])
    total = sum(t * (m // p) for t, p in pattiyal)
    g = gcd(total, m)
    return total // g, m // g

print(kootu([(5, 12), (7, 18), (3, 8), (4, 15)]))
```

முதல் வரி பகுதிகளின் மீ.சி.ம.வைக் காண்கிறது, இரண்டாவது தொகுதிகளை மாற்றிக் கூட்டுகிறது, அடுத்த இரண்டும் மீப்பெரு பொதுக் காரணியால் சுருக்குகின்றன. விடை (521, 360). `//` என்பது மீதியை விட்டு முழு எண் ஈவை மட்டும் தரும் வகுத்தல். இங்கே மீதியே வராது என்பதால் எதுவும் இழக்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாகப் பின்னங்களைத் தசமமாக மாற்றிக் கூட்டினால் துல்லியம் போய்விடும். 1/10-ஐயும் 1/5-ஐயும் தசமமாகக் கொடுத்து `0.1 + 0.2` என்று கேட்டால் கணினி `0.30000000000000004` என்கிறது. 320-க்கு மூன்று எட்டாததுபோல, இரண்டின் அடுக்குகளை மட்டும் பகுதியாகக் கொண்ட கணினித் தசமத்துக்கு ஐந்து எட்டுவதில்லை. மேலே உள்ள நிரலிடம் கேட்டால் (3, 10).

பைத்தானில் முழு எண்களுக்கு அளவு வரம்பு கிடையாது. வேறு பல மொழிகளில் வழக்கமான முழு எண் 64 பிட்டுக்குள் அடங்க வேண்டும். அங்கே பொதுப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் விதம் வெறும் வசதிக் கேள்வியாக நிற்பதில்லை. 1, 1/2, 1/3 என்ற பட்டியலுக்குப் பகுதிகளை அப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 1/20 வரைதான் தாங்கும். 1/21-இல் எண் வரம்பை மீறி, எச்சரிக்கை எதுவுமில்லாமல் தவறான பகுதி வந்து நிற்கும். மீ.சி.ம.வாக எடுத்தால் அதே இடத்துக்குள் 42 வரையிலான பகுதிகளுக்குப் பொதுவான எண் அடங்கும். 43 சேரும்போதுதான் அதுவும் வரம்பைத் தாண்டுகிறது.